நீளக் கட்டுரைக்கு இரண்டு வரி: தமிழில் மெட்டா டிஸ்கிரிப்ஷன் எழுதுவது

நான் திருத்திக்கொண்டிருந்த ஒரு தளத்தில் செல்போன் பேட்டரி பற்றிய கட்டுரை ஒன்று இருந்தது. அதன் மெட்டா டிஸ்கிரிப்ஷனில், அதாவது தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே காட்டுவதற்காக எழுதும் சிறு விவரத்தில், இப்படி ஒரு வாக்கியம்: “பேட்டரியை முழுதாக இறக்கிவிட்டு சார்ஜ் போடுவது நல்லது என்பது உண்மையல்ல.” எழுதியவர் சரியாகத்தான் எழுதியிருந்தார். நிக்கல்-காட்மியம் பேட்டரி காலத்துப் பழக்கம் அது, இன்றைய லித்தியம்-அயான் பேட்டரிக்குப் பொருந்தாது என்று கட்டுரைக்குள் விளக்கமும் இருந்தது. ஆனால் கூகுள் தேடல் முடிவில் அந்த வாக்கியம் “முழுதாக இறக்கிவிட்டு சார்ஜ் போடுவது நல்லது ...” என்று நின்றுவிட்டது. மூன்று புள்ளிக்குப் பின்னால் போன இரண்டு சொற்களில்தான் விஷயமே இருந்தது. கட்டுரையைத் திறக்காமல் தேடல் பக்கத்தோடு திரும்பிப் போனவர், கட்டுரை சொன்னதற்கு நேர் எதிரானதைத் தெரிந்துகொண்டு போனார்.

இந்தச் சிக்கல் ஆங்கிலத்தை விடத் தமிழில் அதிகம். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. செய்யலாமா கூடாதா, உண்டா இல்லையா, சரியா தவறா என்பதெல்லாம் வாக்கியத்தின் வாலில் உட்கார்ந்திருக்கிறது. தேடுபொறி வெட்டுவதும் வாலைத்தான். மெட்டா டிஸ்கிரிப்ஷன் எழுதச் சொல்லித்தரும் குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. “160 எழுத்துக்குள் முடியுங்கள்” என்பதோடு அவை நின்றுவிடும். தமிழுக்கு அது போதாது. அந்த 160-க்கு என்ன அர்த்தம் என்பதே இங்கே மாறிவிடுகிறது.

முதலில் இந்த டிஸ்கிரிப்ஷன் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். பக்கத்தின் `head` பகுதிக்குள் ஒரு வரியாக இருக்கும்:

```html
<meta name="description" content="இங்கே உங்கள் இரண்டு வரி">
```

பக்கத்தைப் படிப்பவர் கண்ணில் இது படாது. தேடல் முடிவில் நீல நிறத் தலைப்புக்குக் கீழே வரும் சிறு பத்திக்கு கூகுள் இதை எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் சொல்ல முடியும், கட்டாயம் எதுவும் இல்லை. அந்தப் பத்தியை கூகுள் முதன்மையாகப் பக்கத்தின் உள்ளடக்கத்திலிருந்தே உருவாக்குகிறது. தேடியவரின் கேள்விக்கு டிஸ்கிரிப்ஷன் அதைவிடப் பொருத்தமாக இருந்தால் இதைக் காட்டும். தரவரிசைக்கு இந்த வரியைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-இலேயே சொல்லிவிட்டது. ஆக, இதை எழுதுவது பக்கத்தை மேலே ஏற்றுவதற்காக அல்ல. ஏற்கெனவே கண்ணில் பட்ட முடிவைத் திறப்பதா வேண்டாமா என்று ஒருவர் முடிவெடுக்கும் அந்த ஓரிரு நொடிக்காகத்தான்.

இப்போது அளவுக்கு வருவோம். டிஸ்கிரிப்ஷன் எவ்வளவு நீளமாக இருக்கலாம் என்பதற்கு கூகுள் எந்த வரம்பும் வைக்கவில்லை. காட்டும்போது திரையின் அகலத்துக்கு ஏற்ப வெட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். கணினியில் பெரும்பாலும் இரண்டு வரி கிடைக்கும். அந்த இரண்டு வரியில் ஆங்கில எழுத்து சுமார் 155, 160 அடங்குவதால் அந்த எண் வழக்கத்துக்கு வந்தது. அதாவது 160 என்பது அகலத்துக்குச் சொல்லப்பட்ட ஒரு தோராயம். அதுவும் நிலையானதல்ல. 2017 டிசம்பரில் கூகுள் இந்தப் பத்தியை ஏறக்குறைய 320 எழுத்து வரை நீட்டியது. பலர் விழுந்தடித்துக்கொண்டு எல்லா டிஸ்கிரிப்ஷனையும் நீளமாக மாற்றினார்கள். 2018 மே மாதம் அது பழைய அளவுக்கே திரும்பியது. நீட்டி எழுதியவர்களின் பின்பாதி அப்படியே மறைந்துபோனது. முன்பாதியில் விஷயத்தை வைத்திருந்தவர்களுக்கு இரண்டு தடவையும் எந்தப் பாதிப்பும் இல்லை.

தமிழில் “எழுத்து” என்று எதை எண்ணுவது என்பது அடுத்த கேள்வி. “தமிழ்” என்ற சொல்லில் நாம் மூன்று எழுத்து என்போம். யூனிகோடில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. கோப்பாகச் சேமிக்கும்போது 15 பைட். தளத்தை நடத்தும் மென்பொருளில் டிஸ்கிரிப்ஷன் பெட்டிக்குக் கீழே ஓடும் எண்ணிக்கை பெரும்பாலும் அந்த ஐந்தைத்தான் எண்ணும். அதனால் அந்தப் பெட்டி 160 என்று காட்டும்போது நம் கணக்கில் நூற்றுச் சொச்சம் எழுத்துதான் ஆகியிருக்கும். அப்படியானால் நமக்கு இடம் மிச்சமா என்றால், அதுவும் இல்லை. தமிழ் எழுத்து ஆங்கில எழுத்தைவிட அகலமானது. “ணை” ஒன்று பிடிக்கும் இடத்தில் மெலிந்த ஆங்கில எழுத்து பல நிற்கும். “போ” என்பது நமக்கு ஒரே எழுத்து, ஆனால் திரையில் மூன்று வடிவங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன.

ஆகவே எண்ணுவதைவிட அளப்பது மேல். உலாவியின் கன்சோலில் இதை ஒட்டினால் அகலம் பிக்சலில் வரும்:

```js
const c = document.createElement('canvas').getContext('2d');
c.font = '14px Arial';
console.log(c.measureText('உங்கள் வரி').width);
```

ஏரியல் எழுத்துருவில் தமிழ் கிடையாது. அதனால் கருவி தன்னிடம் உள்ள தமிழ் எழுத்துருவுக்குத் தாவும். விண்டோஸில் அது நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ, ஆப்பிளில் வேறொன்று. ஒவ்வொன்றின் அகலமும் வேறு. ஒரே டிஸ்கிரிப்ஷன் ஒருவர் திரையில் முழுதாகவும் இன்னொருவர் திரையில் பாதியாகவும் தெரிவதற்கு இதுவும் காரணம். போதாததற்கு, சில முடிவுகளில் பத்தியின் தொடக்கத்தில் கட்டுரையின் தேதியும் ஒரு கோடும் சேர்ந்துகொள்ளும். அது பிடிக்கும் இடமும் நம் கணக்கிலிருந்துதான் போகும்.

வெட்டு எங்கே விழும் என்று நம்மால் சொல்ல முடியாது. அதனால் எங்கே விழுந்தாலும் தாங்குகிற மாதிரி எழுத வேண்டும். நான் தமிழில் டிஸ்கிரிப்ஷன் எழுதும்போது பிடித்துக்கொள்வது இது ஒன்றைத்தான். மற்றதெல்லாம் இதிலிருந்து வருகிறது.

அந்த பேட்டரிக் கட்டுரையையே எடுத்துச் செய்து பார்ப்போம். சுமார் 2,400 சொல். பேட்டரி எப்படி வேலை செய்கிறது என்று தொடங்குகிறது. அப்புறம் சூடு எப்படி அதன் ஆயுளைக் குறைக்கிறது, இரவு முழுக்கச் சார்ஜில் விடலாமா, பூஜ்யம் வரை இறக்கலாமா, வேகமாகச் சார்ஜ் செய்வது கெடுதலா, பின்னணியில் ஓடும் ஆப்களை மூடினால் மிச்சமாகுமா என்று போகிறது. கடைசியில் பேட்டரியை எப்போது மாற்ற வேண்டும் என்பதற்கு மூன்று அறிகுறிகள்: பின்மூடி உப்புவது, 20, 30 சதவீதம் இருக்கும்போதே போன் அணைந்துவிடுவது, போனின் அமைப்புப் பக்கத்தில் பேட்டரியின் கொள்ளளவு மிகவும் குறைந்திருப்பதாகக் காட்டுவது.

அவசரத்தில் பெரும்பாலோர் செய்வது, முதல் பத்தியை அப்படியே எடுத்துப் போடுவது. இந்தக் கட்டுரையின் முதல் பத்தி, செல்போன் இல்லாத வாழ்க்கையை இன்று நினைத்துக்கூடப் பார்க்க முடியாது என்று தொடங்கியது. கட்டுரைக்குள் வந்துவிட்ட வாசகருக்கு அது ஒரு வாசல்படி. தேடல் பக்கத்தில் நிற்பவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. இரண்டு வரியில் ஒன்றரை வரி அதிலேயே போய்விடும்.

அடுத்து வருவது கட்டுரை முழுவதையும் ஒரே வாக்கியத்தில் அடைக்கும் முயற்சி. நானும் முதலில் இப்படித்தான் எழுதினேன்: “இரவு முழுக்கச் சார்ஜில் போட்டு வைப்பது, வெயிலில் விடுவது, பூஜ்யம் வரை இறக்குவது போன்ற பழக்கங்கள் போன் பேட்டரியின் ஆயுளை எப்படிக் குறைக்கின்றன, பேட்டரியை எப்போது மாற்ற வேண்டும் என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.” படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் “போன் பேட்டரியின்” என்ற இடத்தில் வெட்டு விழுந்தால் என்ன மிஞ்சும்? ஒரு பட்டியல் மட்டும். அந்தப் பழக்கங்கள் நல்லவையா கெட்டவையா என்பதுகூடத் தெரியாது. “இந்தக் கட்டுரை விளக்குகிறது” என்ற மூன்று சொற்களும் எந்தத் தகவலும் சொல்லவில்லை. எந்தக் கட்டுரைதான் விளக்காது?

சரி, கட்டுரையிலிருந்து எதை எடுப்பது? ஒவ்வொரு உட்தலைப்புக்கும் நேரே, வாசகர் கையில் எதைக் கொண்டுபோகிறார் என்று ஒரு வரி எழுதிக்கொள்வேன். “சூடுதான் முதல் எதிரி” என்பது ஒன்று. “100 சதவீதத்தில் நெடுநேரம் நிற்பதும் கெடுதல்” இன்னொன்று. “ஆப்களை அடிக்கடி மூடுவதால் சார்ஜ் மிச்சமாகாது” மற்றொன்று. எல்லாம் எழுதி முடித்ததும், இதே பொருளில் எழுதப்பட்ட எந்தக் கட்டுரைக்கும் பொருந்தக்கூடிய வரிகளை அடித்துவிடுவேன். “பேட்டரி எப்படி வேலை செய்கிறது” போய்விடும். “திரை வெளிச்சத்தைக் குறையுங்கள்” போய்விடும். மிஞ்சுவதில், தேடுபவரின் நேரடிக் கேள்விக்குப் பதிலாக இருப்பது முதல் வாக்கியம். பலர் தவறாக நம்பியிருப்பதை மாற்றுவது அடுத்தது. உள்ளே வந்தால் மட்டுமே முழுதாகக் கிடைக்கக்கூடிய ஒன்று கடைசி.

பதிலை வெளியிலேயே சொல்லிவிட்டால் யார் உள்ளே வருவார்கள் என்று சிலர் தயங்குகிறார்கள். எனக்கு அந்தப் பயம் இல்லை. “காரணம் சூடு” என்று தெரிந்துகொண்டவருக்கு எவ்வளவு சூடு, எப்போது, தவிர்ப்பது எப்படி என்ற கேள்விகள் அடுத்து எழும். “காரணம் தெரிந்தால் அதிர்ச்சியடைவீர்கள்” என்று ஒளித்து வைத்தால் வருகிறவர் எரிச்சலோடு வருவார், வந்த வேகத்தில் போய்விடுவார்.

எந்தச் சொல்லில் எழுதுவது என்பதையும் இந்த இடத்தில் முடிவு செய்ய வேண்டும். கட்டுரைக்குள் “கைபேசி”, “மின்கலம்” என்று இருக்கலாம், தவறில்லை. தேடுகிறவர் “போன் பேட்டரி சீக்கிரம் இறங்குது” என்று தட்டினால், டிஸ்கிரிப்ஷனில் “போன் பேட்டரி” இருக்க வேண்டும். தேடிய சொற்களை கூகுள் பல முடிவுகளில் தடித்த எழுத்தில் காட்டுகிறது. கண் அங்கேதான் முதலில் போகும். தளம் நடத்துவோருக்கு கூகுள் தரும் சர்ச் கன்சோல் கருவியில் அந்தப் பக்கத்துக்கு எந்தத் தேடல்கள் வழியாக மக்கள் வந்தார்கள் என்ற பட்டியல் இருக்கிறது. புதிய கட்டுரை என்றால் அதே பொருளில் உள்ள பழைய கட்டுரையின் பட்டியலைப் பார்க்கலாம். முடிந்தவரை அந்தச் சொல்லை வேற்றுமை உருபு ஒட்டாமல் ஒரு தடவையாவது வைப்பேன். “பேட்டரியைச் சீக்கிரம் தேய்ப்பது சூடுதான்” என்று எழுதியிருந்த முதல் வாக்கியத்தை “போன் பேட்டரி சீக்கிரம் தேயக் காரணம் சூடு” என்று மாற்றியது இதற்காகத்தான்.

இப்போது வரைவு இப்படி வந்தது: “போன் பேட்டரி சீக்கிரம் தேயக் காரணம் சூடு. இரவு முழுக்கச் சார்ஜில் கிடப்பதும் கெடுதல். ஆப்களை மூடுவதால் பயன் இல்லை. பேட்டரி மாற்றும் நேரம் வந்ததற்கான 3 அறிகுறிகள்.” இடைவெளி, புள்ளி எல்லாம் சேர்த்து நம் கணக்கில் 106 எழுத்து, பெட்டியின் கணக்கில் 162.

இங்கேதான் ஒரு சோதனையை நான் எப்போதும் செய்வேன். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் மூன்று புள்ளி வைத்துப் படித்துப் பார்ப்பது. முதல் வாக்கியம் குட்டையானது, அது வெட்டுப்பட வாய்ப்பு குறைவு. இரண்டாவது “இரவு முழுக்கச் சார்ஜில் கிடப்பதும் ...” என்று நின்றால் என்ன சொல்ல வருகிறது என்று முழுதாகத் தெரியாது, ஆனால் “கிடப்பதும்” என்ற உம்மை முதல் வாக்கியத்தின் காரணத்தோடு அதைச் சேர்த்துவிடுகிறது. தவறான பொருள் வராது. மூன்றாவது? “ஆப்களை மூடுவதால் பயன் ...” ஐயோ, இதுவும் அதே பள்ளம். இல்லை என்ற சொல் போனால் உண்டு என்றாகிவிடுகிறது. எதிர்மறையை “இல்லை”, “அல்ல”, “கூடாது” என்று கடைசிச் சொல்லில் தனியாக வைக்கும்போது இந்த ஆபத்து வருகிறது. அதற்கு முன்னால் நிற்கும் சொல் நல்ல பொருள் தரும் சொல்லாக இருந்தால் ஆபத்து இரட்டிப்பு. “ஆப்களை மூடுவது வீண்” என்று மாற்றினேன். இது “ஆப்களை மூடுவது ...” என்று நின்றால் இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. வாசகர் ஏமாறமாட்டார்.

நான்காவது வாக்கியம் எங்கே வெட்டுப்பட்டாலும் கவலையில்லை. “பேட்டரி மாற்றும் நேரம் ...” என்பதே ஒரு செய்திதான். கடைசியில் வைப்பதற்கு இப்படிப்பட்ட, போனாலும் பரவாயில்லாத வாக்கியம் வேண்டும்.

மாற்றிய பிறகு எண்ணினால் நம் கணக்கில் சரியாக 100, பெட்டியின் கணக்கில் 154. பெட்டி பச்சை நிறத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தப் பச்சையை நான் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை. அகலத்தைப் பொறுத்து ஒரு சில திரைகளில் நான்காவது வாக்கியம் குறைபட்டுத்தான் நிற்கும். முதல் இரண்டு வாக்கியமும் முழுதாகத் தெரிகிறதா என்பதைத்தான் பார்க்கிறேன். அவை இரண்டும் நடுவிலுள்ள இடைவெளியும் சேர்ந்து 54 எழுத்து, ஏறக்குறைய மொத்தத்தில் பாதி. அந்தப் பாதிக்குள் கட்டுரையின் பதில் வந்துவிட வேண்டும்.

இவ்வளவு கவனமாக எழுதிய வரியை மென்பொருளே கெடுப்பதும் உண்டு. சில தளங்களில் டிஸ்கிரிப்ஷனைத் தானாக வெட்டும் நிரல் இருக்கும். அது பைட் கணக்கில் வெட்டினால் தமிழுக்குப் பெரிய சேதம். நம் 154 யூனிகோட் குறியும் சேர்ந்து 414 பைட். பி.எச்.பி.யில் `substr($s, 0, 160)` என்று இருந்தால் இதுதான் மிஞ்சும்:

```
போன் பேட்டரி சீக்கிரம் தேயக் காரணம் சூடு. இரவு முழுக்கச் சா�
```

“சார்ஜில்” என்பதன் ரகரம் நடுவில் அறுபட்டு, கடைசியில் அந்தக் கேள்விக்குறிக் கட்டம் வந்துவிட்டது. தேடல் முடிவில் இப்படி ஒரு கட்டத்தைப் பார்த்தால், காரணம் பெரும்பாலும் இதுதான். `mb_substr` பயன்படுத்தினால் கட்டம் வராது, ஆனால் மெய்யெழுத்தின் புள்ளி மட்டும் தனியாக உதிரலாம். “தேயக்” என்பது “தேயக” ஆகும். `grapheme_substr` எழுத்தைச் சிதைக்காது. அப்போதும் வாக்கியத்தின் நடுவில் வெட்டும் என்பதால், தானியங்கி வெட்டை நிறுத்திவிட்டு நாமே அளந்து எழுதுவது நல்லது.

இன்னொரு சின்ன விஷயம், மேற்கோள் குறி. `content` என்பதன் மதிப்பு இரட்டை மேற்கோளுக்குள் இருக்கும்போது, வரிக்குள் விசைப்பலகையின் நேர் இரட்டை மேற்கோளைப் போட்டால் டிஸ்கிரிப்ஷன் அங்கேயே முடிந்துவிடும். `&quot;` என்று எழுதலாம், அல்லது மேற்கோளே இல்லாமல் எழுதலாம். நல்ல மென்பொருள் இதைத் தானே மாற்றிவிடும். ஆனால் மாற்றியிருக்கிறதா என்று பக்கத்தின் மூலத்தைத் திறந்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

வெளியிட்ட பிறகு கூகுள் மறுபடி அந்தப் பக்கத்தைப் படித்தால்தான் புதிய வரி தெரியும். சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். தெரிந்ததும் இரண்டு மூன்று விதமாகத் தேடிப் பாருங்கள். “போன் பேட்டரி சீக்கிரம் தேய காரணம்” என்று தேடினால் நம் வரி வரக்கூடும். “பேட்டரி உப்பினால் என்ன செய்வது” என்று தேடினால் கட்டுரையின் கடைசிப் பகுதியிலிருந்து கூகுளே ஒரு வாக்கியத்தை எடுத்துக் காட்டலாம். இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. அந்தக் கேள்விக்கு அந்த வாக்கியம்தான் பொருத்தம். நம் முக்கியமான தேடலுக்கே நம் வரி வராமல் வேறொன்று வந்தால்தான் யோசிக்க வேண்டும். கூகுள் எடுத்துக் காட்டிய வாக்கியத்தைப் பொறுமையாகப் படித்தால், தேடியவரின் சொல் அதில் இருக்கும், நம் வரியில் இருக்காது. பெரும்பாலும் அதுதான் துப்பு.

கட்டுரையின் எல்லாப் பகுதியையும் இந்த இரண்டு வரி தாங்காது. வேகச் சார்ஜ் பற்றிய பகுதி இந்தக் கட்டுரையில் நன்றாகவே எழுதப்பட்டிருந்தது. அதை விட்டுவிட மனம் வரவில்லைதான். ஐந்தாவது வாக்கியமாகச் சேர்த்துப் பார்த்தேன். மற்ற நான்கையும் சுருக்க வேண்டியதாகி, எதுவுமே தெளிவாகச் சொல்லாத ஒரு வரியாகிவிட்டது. எடுத்துவிட்டேன். வேகச் சார்ஜ் பற்றித் தேடுகிறவருக்கு கூகுள் அந்தப் பகுதியிலிருந்தே எடுத்துக் கொடுக்க வழி இருக்கிறது. அந்தப் பகுதியின் முதல் வாக்கியம் தனியாக நின்று பொருள் தருகிறதா என்று மட்டும் பார்த்துத் திருத்தினேன்.

ஆறு மாதம் கழித்து அந்தக் கட்டுரையைப் புதுப்பித்தார்கள். அறிகுறிகளில் ஒன்றைச் சேர்த்து நான்காக்கினார்கள். டிஸ்கிரிப்ஷனில் 3 என்றே இருந்தது. யாரும் பார்க்காத பெட்டிக்குள் இருக்கும் வரி என்பதால் இது எளிதில் தப்பிவிடுகிறது. இப்போது கட்டுரையில் எண்ணோ ஆண்டோ மாறினால், திருத்துபவர் முதலில் அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும் என்று எங்கள் சரிபார்ப்புப் பட்டியலில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்.